அவர் சொன்னதுதானா?

பாட்காஸ்ட் ஒன்றைத் திறந்தால், ஒலியை ஓட விடுவதற்கு முன் நம் கண்ணில் படுவது அதன் கீழே இருக்கும் எழுத்துதான். யார் பேசுகிறார், எதைப் பற்றி, எந்த நிமிடத்தில் எந்த விஷயம் வருகிறது, கூடவே பேசியவரின் ஒன்றிரண்டு நல்ல வாக்கியங்கள். தயாரிப்பவர்கள் இதை ஷோ நோட்ஸ் என்பார்கள். நிமிடக் கணக்கோடு பிரித்துத் தலைப்பிட்டால் அது சாப்டர். ஒரு மணி நேரப் பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் கையால் எழுத உட்கார்ந்தால் பாதி நாள் போய்விடும். அதனால் பலரும் இப்போது ஒலியை ஒரு மென்பொருளிடம் கொடுத்து டிரான்ஸ்கிரிப்ட் எடுக்கிறார்கள். அந்த எழுத்தை சாட்ஜிபிடி போன்ற ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவியில் போட்டுக் குறிப்பு எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். சில நிமிடங்களில் வேலை முடிகிறது. படிக்கவும் நன்றாகவே இருக்கிறது. வில்லங்கம் மேற்கோள் குறிக்குள் உட்கார்ந்திருக்கிறது.

சுருக்கத்தில் ஒரு விஷயம் விடுபட்டால் கேட்பவர் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஒருவர் பெயரைப் போட்டு, அவர் சொல்லாத வாக்கியத்தை மேற்கோளாக வைத்தால் கதையே வேறு. முழுப் பேச்சையும் கேட்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்த ஒரு வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புபவர்களும், அதைப் படித்துக் கோபப்படுபவர்களும் அதிகம்.

இந்தத் தவறு எப்படி நேர்கிறது என்பதை ஒரு கற்பனை உரையாடலில் பார்க்கலாம். ஏரி தூர்வாருவது பற்றிய பாட்காஸ்ட் என்று வைத்துக்கொள்வோம். விருந்தினர் ஒரு விவசாயி. டிரான்ஸ்கிரிப்டின் நான்கு வரிகள் இவை:

[212] 31:07 விருந்தினர்: ஏரியைத் தூர் வாரணும்னு மனு குடுத்தோம், அவரு வந்து பாத்தாரு.
[213] 31:15 விருந்தினர்: பாத்துட்டு, நான் இதுல கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.
[214] 31:22 தொகுப்பாளர்: அப்போ அதிகாரிங்க யாருமே ஒத்துழைக்கலைன்னு சொல்றீங்க?
[215] 31:27 விருந்தினர்: ம்... அப்படி இல்லீங்க, அடுத்து வந்தவரு ரெண்டே மாசத்துல அனுமதி வாங்கிக் குடுத்துட்டாரு.

இதைச் சுருக்கி ஒரு மேற்கோளும் எடுத்துத் தரச் சொன்னால், இப்படி ஒன்று வரக்கூடும்: “அதிகாரிகள் யாரும் ஒத்துழைக்கவில்லை. அதனால் நான் கையெழுத்திட மாட்டேன் என்றேன்” என்கிறார் விவசாயி. வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் மூன்று இடத்தில் பொய். கையெழுத்துப் போட மறுத்தது அதிகாரி. ஒத்துழைக்கவில்லை என்ற சொல் தொகுப்பாளருடையது. விவசாயி அதை மறுத்திருக்கிறார்.

முதல் தவறுக்கு நம் பேச்சுத்தமிழ் நன்றாகவே இடம் கொடுக்கிறது. அடுத்தவர் பேச்சை அப்படியே ‘நான்’ போட்டுச் சொல்லிவிட்டு, அது இன்னொருவர் பேச்சு என்பதைக் கடைசியில் வரும் ‘-ன்னு சொன்னாரு’வில்தான் தெரிவிப்போம். வாக்கியத்தின் முன்பாதியை மட்டும் வெட்டி எடுத்தால் ‘நான்’ ஆள் மாறிவிடும். அந்த ‘ம்’ இன்னொரு கண்ணி. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கும் ‘ம்’ கொட்டுவோம், யோசிப்பதற்கும் கொட்டுவோம், ஒப்புக்கொள்வதற்கும் அதுதான். எழுத்தில் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். கேள்விக்குப் பின்னால் வந்த ‘ம்’மைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, தொகுப்பாளர் கேட்டதை விருந்தினர் சொன்னதாக எழுதிவிடுவது இந்தக் கருவிகளிடம் காணக்கூடிய தவறு.

இவை தவிர, கருவி எழுதும் விதத்திலேயே ஒரு சங்கடம் உண்டு. அது டிரான்ஸ்கிரிப்டிலிருந்து வாக்கியத்தை நகலெடுப்பதில்லை. அடுத்து எந்தச் சொல் வரலாம் என்று கணித்துக் கணித்து வாக்கியத்தைப் புதிதாக உண்டாக்குகிறது. பெரும்பாலும் அது மூலத்தோடு ஒத்துப்போகும். சில நேரம் ‘ரெண்டே மாசத்துல’ என்பது ‘இரண்டு மாதங்களுக்குள்’ ஆகும், தயங்கிச் சொன்னது தீர்மானமாகச் சொன்னதாகும், நாற்பது வரி தள்ளி வந்த இரண்டு வாக்கியங்கள் ஒரே மூச்சில் சொன்னதுபோல ஒட்டிக்கொள்ளும். “மேற்கோளை மாற்றாதே” என்று கட்டளையிட்டால் குறையும், நிற்காது.

ஆகவே செய்ய வேண்டியது ஒன்றுதான்: மேற்கோளைக் கருவி எழுதவே கூடாது. அது வரி எண்ணை மட்டும் சொல்லட்டும். டிரான்ஸ்கிரிப்டின் ஒவ்வொரு வரிக்கும் மேலே உள்ளதுபோல எண் போட்டுக் கொடுத்துவிட்டு, “மேற்கோளாக வைக்கத் தகுந்த வரிகளின் எண்ணை மட்டும் கொடு, வாசகத்தை எழுதாதே” என்று கேட்க வேண்டும். 215 என்று பதில் வந்தால், அந்த வரியை டிரான்ஸ்கிரிப்டிலிருந்து நாமே எடுத்து ஒட்டுகிறோம். ஒட்டும்போது முன்னும் பின்னும் இரண்டு வரி கண்ணில் படும். 213-ஐத் தனியாக வைத்தால் அபத்தம், 212-ஓடு சேர்த்தால்தான் அந்த ‘அவரு’ யாரென்று தெரியும் என்பது அப்போதே புரிந்துவிடும்.

ஏற்கெனவே எழுதி வாங்கிய குறிப்பு கையில் இருந்தால், மேற்கோள் குறிக்குள் உள்ள ஒவ்வொன்றையும் டிரான்ஸ்கிரிப்டில் Ctrl+F போட்டுத் தேட வேண்டும். கிடைத்தால் வைக்கலாம். கிடைக்காவிட்டால் குறியை எடுத்துவிட்டு, ‘என்கிறார்’ போட்டுக் கருத்தாக எழுதலாம், கருத்து சரியாக இருக்கும்பட்சத்தில். தமிழில் இந்தத் தேடலுக்கு ஒரு சிறு தொல்லை உண்டு. ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பும் காலும் யூனிகோடில் ஒரே குறியாகவும் பதிவாகலாம், ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறிகளாகவும் பதிவாகலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், ஆனால் சில மென்பொருள்களுக்கு வேறு வேறு. சரியான மேற்கோளே ‘இல்லை’ என்று வந்தால் பதறாமல், கொ, கோ, கௌ வகை எழுத்து இல்லாத ஒரு சொல்லைப் போட்டுத் தேடிப் பாருங்கள். நிரல் எழுதிச் சரிபார்ப்பவர்கள் இரு பக்கத்தையும் முதலில் NFC வடிவத்துக்கு மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

பேச்சு வழக்கை எழுத்து வழக்காக்கலாமா என்பது தமிழில் தீராத கேள்வி. குறிக்குள் வைத்தால் அவர் பேசியபடியே வைப்பது என்பது என் கட்சி. ‘குடுத்துட்டாரு’ என்று போட்டால் மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கருத்தை எழுத்துத்தமிழில், குறி இல்லாமல் சொல்லிவிட்டுப் போகலாம். இரண்டுங்கெட்டானாக, எழுத்துத்தமிழாக்கிக் குறிக்குள்ளும் வைப்பதில்தான் சொல்லாத வார்த்தைகள் நுழைகின்றன. வெட்ட அனுமதி உண்டு: ‘வந்து’, ‘அதாவது’ போன்றவற்றை எடுத்த இடத்தில் மூன்று புள்ளி வைத்தால் போதும். சேர்க்க அனுமதி இல்லை.

இவ்வளவும் டிரான்ஸ்கிரிப்ட் சரியாக இருந்தால். அங்கேயே பிழை இருந்தால், பிழையான வரியை நாம் எழுத்து மாறாமல் மேற்கோளாக வைத்துவிடுவோம். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்களில் பரவலாகப் பயன்படுவது ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட விஸ்பர். 6,80,000 மணி நேர ஒலியைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டது. ஒலியை முப்பது முப்பது விநாடியாகப் பிரித்துக் கேட்கிறது. யாரும் பேசாத இடைவெளியில்கூட எதையாவது எழுதிவிடும் பழக்கம் இதற்கு உண்டு. அமெரிக்க ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சோதித்த ஆங்கில ஒலித்துண்டுகளில் சுமார் 1 சதவீதத்தில் யாருமே சொல்லாத சொற்றொடர்கள் முளைத்திருந்தன. ஆக, நீண்ட மௌனத்துக்கோ இசைக்கோ பக்கத்தில் இருக்கும் வரி, அதுவும் நேயர்களுக்கு நன்றி சொல்லும் வரியாக இருந்தால், சந்தேகப்பட வேண்டிய வரி.

தமிழில் காது கொடுத்துச் சரிபார்க்க வேண்டிய இடங்கள் வேறு. ‘பண்ணலாம்’ என்பதன் கடைசி ‘ம்’ பேச்சில் மூக்கோடு போய்விடும். வேகமாகச் சொன்னால் ‘பண்ணல’வுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஒன்று ஆலோசனை, மற்றது செய்யவில்லை என்ற வாக்குமூலம். எண்களும் ஊர்ப்பெயர்களும் தொழில் சொற்களும் அப்படித்தான். ஏரியின் உபரிநீர் வழிந்து போகும் ‘கலிங்கு’ மென்பொருளுக்கு அறிமுகமாகாத சொல்லாக இருந்தால், தனக்குத் தெரிந்த வேறு எதையாவது எழுதும். ஒரே சொல்லைப் பல இடங்களில் பல விதமாக எழுதியிருந்தால் அது புரியாமல் எழுதியது என்று தெரிந்துகொள்ளலாம். குறிப்பு எழுத ஆரம்பிக்கும் முன்பே பெயர்களையும் இத்தகைய சொற்களையும் டிரான்ஸ்கிரிப்டில் திருத்திவிடுவது நல்லது. பின்னால் திருத்தினால் தலைப்பு, சுருக்கம், மேற்கோள் என்று எல்லா இடத்திலும் தேட வேண்டிவரும்.

யார் பேசினார் என்ற பெயர்ச்சீட்டும் தானாக வருவதல்ல. விஸ்பர் ஆளைப் பிரித்துக் காட்டாது. குரல்களைப் பிரிப்பதற்கென்று தனி மென்பொருள் வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் பேசும் இடத்திலும், ஒற்றைச் சொல்லில் பதில் வரும் இடத்திலும் அது தடுமாறும். பதிவின்போதே ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு தனிக் கோப்பு என்று எடுத்துவிட்டால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி இல்லை.

சாப்டருக்கு வருவோம். இங்கேயும் நிமிடத்தைக் கருவியிடம் கேட்காமல், விஷயம் மாறும் வரி எண்ணைக் கேட்பதே சரி. 212 என்றால் அதன் எதிரே உள்ள 31:07-ஐ நாம் எடுத்துக்கொள்கிறோம். எல்லை தெரிந்தபின், அந்தச் சாப்டரின் வரிகளை மட்டும் கொடுத்து இரண்டு வாக்கியச் சுருக்கம் கேட்கலாம். முழுப் பேச்சையும் ஒன்றாகக் கொடுத்தால் தொடக்கமும் முடிவும் நன்றாக வரும், நடுவில் இருப்பது மங்கும். சுருக்கத்தின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அது எந்த வரியிலிருந்து வந்தது என்று எண் கேட்டு வாங்கினால் சரிபார்ப்பது சுலபம். தலைப்பில் ‘அதிகாரிகளின் அலட்சியம்’ என்று வந்திருந்தால், அப்படி யார் சொன்னார் என்று பாருங்கள். யாரும் சொல்லாத குற்றச்சாட்டு தலைப்பு வழியாகவும் நுழையும். ‘மனு மறுக்கப்பட்டதும் பின்னர் அனுமதி கிடைத்ததும்’ என்று வைத்தால் சுவை குறைவுதான், ஆனால் விவசாயி சொன்னது அதுதான்.

யூடியூபில் நிமிடங்கள் சாப்டராக மாற வேண்டுமானால் பட்டியல் 00:00-இல் தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் பத்து விநாடியாவது நீள வேண்டும்.

கடைசியாக, வெளியிடப் போகும் ஒலிக்கோப்பைத் திறந்து, ஒவ்வொரு மேற்கோளையும் பத்து விநாடி முன்னாலிருந்து கேட்க வேண்டும். ஐந்து மேற்கோள் என்றால் சில நிமிட வேலை. வெளியிடப் போகும் கோப்பில்தான் கேட்க வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. டிரான்ஸ்கிரிப்டைப் பெரும்பாலும் எடிட்டிங்குக்கு முன்பே எடுத்திருப்பார்கள். பிறகு முகப்பில் நாற்பது விநாடி இசையும் அறிமுகமும் சேர்ந்தால் 31:07 என்பது 31:47 ஆகும். நடுவில் மூன்று நிமிடம் வெட்டியிருந்தால் அதற்குப் பிறகுள்ள எல்லாம் மூன்று நிமிடம் முன்னால் வரும், வெட்டிய பகுதியிலிருந்து எடுத்த மேற்கோள் குறிப்பில் மட்டும் அனாதையாக நிற்கும். கேட்பவரைப் பொறுத்து விளம்பரத்தை இடையில் செருகும் தளங்களில் நேரம் ஆளுக்கு ஆள் மாறும். அங்கே நிமிடத்தைத் துல்லியமாகப் போட்டுப் பயனில்லை, வரிசையும் தலைப்பும் மட்டும் போதும்.