எந்தத் தொழில் நமக்குப் பொருந்தும்? பத்துப் புளியங்கொட்டையும் ஒரு கொப்பித் தாளும்

இடம்பெயர்ந்து பிறர் காணியில் குடியிருக்கும் ஒரு கமக்காரக் குடும்பத்தின் கையில் சிறு தொகை சேர்ந்ததும், ஒவ்வொருவரும் ஒவ்வொரு தொழிலைச் சொல்வார்கள். அயலவர் கோழி வளர்க்கச் சொல்வார். மைத்துனர் வெங்காயம் வைக்கச் சொல்வார். கடைசியில் யார் உரத்துப் பேசினாரோ அவர் சொன்னதே நடக்கும். அது பிழைத்துப்போனால் அந்தத் தொகை மறுபடி சேர்வது எளிதல்ல. பல யோசனைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு கணக்கை இங்கே விளக்குகிறோம். இதற்குக் கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

விளங்குவதற்காக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, பாடசாலை செல்லும் இரு பிள்ளைகள். சொந்தக் காணி இன்னும் கைக்கு வரவில்லை. உறவினரின் வளவில் கொட்டில் போட்டு இருக்கிறார்கள். தொழிலுக்கென்று ரூபா 100,000 ஒதுக்கியிருக்கிறார்கள். இங்கு சொல்லும் விலைகள் கணக்குக்காக நாம் வைத்துக்கொண்டவை. உங்கள் சந்தையில் விசாரித்து உங்கள் தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் வடித்தல்

எல்லா யோசனைகளையும் அட்டவணையில் ஏற்றக்கூடாது. ஏற்றுமுன் ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். கடன்படாமல், கையில் உள்ள பணத்துக்குள் தொடங்கலாமா? காணிக்காரர் இதற்குச் சம்மதிப்பாரா? இதை வாங்கப்போகும் இரண்டு பேரின் அல்லது இரண்டு கடைகளின் பெயரைச் சொல்ல முடியுமா? ஒன்றுக்கு "இல்லை" என்று விடை வந்தாலும் அந்த யோசனையை விட்டுவிட வேண்டும்.

நமது குடும்பம் ஆறு யோசனைகளை எழுதியது. கறவைப் பசுவின் விலை கையிலிருந்த பணத்துக்கு மேலே போனது. கடைக்குக் கல்லால் அறை கட்ட உறவினர் சம்மதிக்கவில்லை. மிஞ்சியவை நான்கு: குத்தகைக்கு இரண்டு பரப்பு எடுத்துச் சின்ன வெங்காயம் நடுதல், இரண்டு மறியாடு வளர்த்தல், பத்து நாட்டுப் பேடும் ஒரு சேவலும் வளர்த்தல், இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்தல்.

புள்ளி போடுதல்

இந்த நான்கையும் முதல், தேர்ச்சி, நேரம், அபாயம் என்ற நான்கு வகையிலும் பார்க்கிறோம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி. நமக்கு எது வசதியோ அதற்குக் கூடிய புள்ளி. புள்ளி போடுமுன் அதன் அர்த்தத்தை எழுதிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மனதுக்குப் பிடித்த தொழிலுக்குக் கை தானாகவே ஐந்தை எழுதிவிடும்.

முதல்: ரூபா 20,000 போதுமென்றால் 5; 40,000 என்றால் 4; 60,000 என்றால் 3; 80,000 என்றால் 2; முழுப் பணமும் வேண்டுமென்றால் 1.

தேர்ச்சி: பல வருடம் செய்து பழகிய வேலை 5, ஓரளவு தெரிந்தது 3, புதிதாகப் படிக்க வேண்டியது 1. இடைப்பட்டவற்றுக்கு 4 அல்லது 2.

நேரம்: நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் போதுமென்றால் 5, இரண்டு என்றால் 4, மூன்று என்றால் 3, நான்கைந்து என்றால் 2, அதற்கு மேலென்றால் 1. அது யாருடைய நேரம் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

அபாயம்: இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். அபாயம் கூட என்பதால் 5 போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் மிக ஆபத்தான தொழிலே முதலிடத்துக்கு வந்துவிடும். அபாயம் கூடினால் புள்ளி குறைய வேண்டும். இதை அளக்க ஒரு கேள்வி போதும்: எல்லாம் பிழைத்துப்போனால், அல்லது ஒரு மாதத்தில் இந்த வளவை விட்டு எழும்ப வேண்டி வந்தால், போட்ட பணத்தில் எவ்வளவு மிஞ்சும்? அநேகமாக முழுவதும் மிஞ்சினால் 5, பாதி மிஞ்சினால் 3, ஒன்றும் மிஞ்சாவிட்டால் 1.

ஒரு தொழிலை எடுத்து நான்கு புள்ளியும் போட்டு முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டாம். ஒரு வகையை எடுத்து, நான்கு தொழிலுக்கும் அந்தப் புள்ளியைப் போட்டபின் அடுத்த வகைக்குப் போங்கள். அப்போதுதான் தொழிலோடு தொழில் ஒப்பிடப்படும்.

நமது குடும்பம் போட்ட புள்ளிகள் இவை:

| தொழில் | முதல் | தேர்ச்சி | நேரம் | அபாயம் |
|---|---|---|---|---|
| வெங்காயம் | 2 | 5 | 3 | 1 |
| ஆடு | 3 | 4 | 4 | 3 |
| கோழி | 4 | 3 | 4 | 3 |
| இடியப்பம் | 5 | 4 | 1 | 4 |

வெங்காயச் செய்கை கணவனுக்குக் கைவந்த வேலை. ஆனால் மழை மாறிப் பெய்தால் கிழங்கு அழுகும். வளவைவிட்டு எழும்ப நேர்ந்தால் நிற்கும் பயிரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆகையால் அபாயத்துக்கு 1. இடியப்பத்தில் ஒருநாள் வியாபாரம் படுத்தால் அன்றைய மாவும் விறகும் மட்டுமே நட்டம். உரலும் தட்டும் பானையும் மிஞ்சும். ஆகையால் 4. ஆனால் விடிய மூன்று மணிக்கு எழும்ப வேண்டும். நாளில் ஆறு மணித்தியாலம் அடுப்படியில் போய்விடும்.

புளியங்கொட்டையைப் பங்கிடுதல்

நான்கு வகையும் ஒரு குடும்பத்துக்குச் சமமான முக்கியம் உள்ளவை அல்ல. ஆகையால் பத்துப் புளியங்கொட்டையை எடுத்து, எது முக்கியமோ அதற்குக் கூடுதலாக வைக்க வேண்டும். ஒன்றுக்கும் வெறுமையாக விடக்கூடாது. இதைக் கணவனும் மனைவியும் ஒருவர் வைப்பதை மற்றவர் பாராமல் தனித்தனியே செய்ய வேண்டும் என்பதை வற்புறுத்திச் சொல்கிறோம்.

கணவன் முதலுக்கு 3, தேர்ச்சிக்கு 2, நேரத்துக்கு 1, அபாயத்துக்கு 4 என்று வைத்தார். மனைவி முதலுக்கு 2, தேர்ச்சிக்கு 1, நேரத்துக்கு 4, அபாயத்துக்கு 3 என்று வைத்தார்.

இனிப் பெருக்கிக் கூட்டுவோம். கணவனின் கணக்கில் இடியப்பம்: முதல் 5 × 3 = 15; தேர்ச்சி 4 × 2 = 8; நேரம் 1 × 1 = 1; அபாயம் 4 × 4 = 16. மொத்தம் 40. மற்றவற்றையும் இப்படியே செய்தால்:

| தொழில் | கணவன் | மனைவி | இருவரும் சேர்ந்து |
|---|---|---|---|
| வெங்காயம் | 23 | 24 | 23 |
| ஆடு | 33 | 35 | 34 |
| கோழி | 34 | 36 | 36 |
| இடியப்பம் | 40 | 30 | 34 |

கணவனின் கணக்கில் இடியப்பம் வெகுதூரம் முன்னே நிற்கிறது. மனைவியின் கணக்கில் அது மூன்றாம் இடம். "உனக்குத்தான் இடியப்பம் நல்லாய் அவிக்கத் தெரியுமே" என்றார் அவர். "தெரியும்தான். விடிய மூன்று மணிக்கு எழும்புறது ஆர்? பிள்ளையளைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்துறது ஆர்?" என்று கேட்டார் மனைவி. கணவன் நேரத்துக்கு ஒரே கொட்டையை வைத்ததன் காரணம், அந்த நேரம் அவருடையதாக இல்லாதிருந்ததே. அட்டவணை இதை வெளியே கொண்டுவந்தது. இருவரும் பேசி, முதல் 3, தேர்ச்சி 1, நேரம் 3, அபாயம் 3 என்று மறுபடி பங்கிட்டார்கள். அதுதான் மூன்றாவது நிரல்.

முதலிடம் வந்ததும் முடிவல்ல

கோழி 36, ஆடும் இடியப்பமும் 34. இரண்டு புள்ளி வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்கக்கூடாது. ஒரு கொட்டையை இடம் மாற்றினாலே அவ்வளவு வித்தியாசம் வந்துவிடும். வெங்காயம் பதினொரு புள்ளி பின்னால் நிற்பதுதான் உறுதியான விடை. மூன்று விதமாகப் பங்கிட்டும் அது கடைசியிலேயே நின்றது. கமக்காரருக்கு இது மனவருத்தமாக இருக்கும். ஆனால் இது வெங்காயச் செய்கை கூடாது என்ற தீர்ப்பல்ல. நிலையில்லாத காணியில், இந்தப் பணத்தோடு, இப்போது வேண்டாம் என்பதே. சொந்தக் காணி கிடைத்த பின் கணக்குப் பார்த்தால் அபாயப் புள்ளி மாறும்.

முன்னணியில் நிற்பவற்றை எடுத்து, எந்தப் புள்ளி நிச்சயமில்லாமல் போடப்பட்டது என்று தேட வேண்டும். கோழியின் அபாயத்துக்கு 3 போட்டபோது, தடுப்பூசி கிடைக்கும் என்று குடும்பம் நம்பியது. வெள்ளைக் கழிச்சல் நோய் புகுந்தால் ஊசி போடாத கோழிகள் சில நாட்களிலேயே அநேகமாக எல்லாம் செத்துப்போகும். ஊசி கிடைக்காது என்றால் அந்தப் புள்ளி 1. அப்போது கோழியின் மொத்தம் 36 இலிருந்து 30 ஆக விழும். ஆடும் இடியப்பமும் 34 இல் முன்னே வரும்.

ஆகவே இந்தக் குடும்பத்தின் முடிவு ஒரே கேள்வியில் தங்கியிருக்கிறது: ஊசி ஒழுங்காகக் கிடைக்குமா? கோழி வாங்குமுன் கால்நடை வைத்தியர் அலுவலகத்துக்குப் போய் இதைக் கேட்க வேண்டும். இந்த மருந்து குளிரில் வைக்கப்பட வேண்டியது. ஒரு குப்பி பல கோழிகளுக்குப் போதும். கரைத்தபின் சில மணித்தியாலங்களுள் போட்டு முடிக்க வேண்டும். பத்துக் கோழிக்கு மட்டும் ஒரு குப்பி திறப்பது கடினம். அயலிலுள்ள குடும்பங்கள் ஒரே நாளில் கோழிகளைக் கொண்டுவரச் சம்மதித்தால் காரியம் இலகுவாகும். ஊசி ஒருமுறை போட்டால் காலமெல்லாம் காக்காது. குறித்த கால இடைவெளியில் திரும்பவும் போட வேண்டும்.

அட்டவணை சொல்லாதவை

இந்த நான்கு வகையிலும் வருமானம் எவ்வளவு என்பது இல்லை. முதலும் நேரமும் குறைந்த ஒரு தொழில் ஒன்றும் உழைக்காததாகவும் இருக்கலாம். அதற்காகவே வாங்குபவர் பெயரைத் தொடக்கத்தில் கேட்டோம். முன்னணியில் வரும் இரண்டுக்கும் வரவு செலவைத் தனியே எழுதிப் பாருங்கள். வருமானம் எப்போது தொடங்கும் என்பதையும் எழுதுங்கள். இடியப்பத்தில் அன்றன்றே காசு வரும். மறியாடு சினைப்பட்டு ஐந்து மாதத்தில் ஈனும். குட்டி விற்கும் பருவத்துக்கு வர மேலும் பல மாதம் செல்லும். அதுவரை அடுப்பு எரிய வேறு வழி உண்டா என்பதை அட்டவணை கேட்காது. நாம்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று. கணக்குப் பார்த்தபின், மனதுக்குப் பிடித்தது முதலிடம் வரவில்லை என்று புள்ளிகளைத் திருத்துவது வழமை. திருத்தலாம். ஆனால் புதிதாக என்ன தெரியவந்தது என்று அந்தப் புள்ளியின் பக்கத்தில் எழுதிவிட்டுத் திருத்துங்கள். எழுதக் காரணம் இல்லையென்றால் பழைய புள்ளியே இருக்கட்டும்.

தாளைத் திகதியிட்டு வைத்திருங்கள். ஆறு மாதம் சென்றபின் எடுத்து, நேரமும் நட்டமும் நாம் நினைத்தபடி இருந்தனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்த முறை புள்ளி போடும்போது அந்தத் தாள் உதவும்.