அழுத மூக்கின் சிவப்பு

தாரை வார்க்கும்போது அப்பாவின் கண் கலங்கினால் மணப்பெண்ணும் அழுதுவிடுவாள். கல்யாண ஆல்பங்களில் தவறாமல் இருக்கும் படம் அது. வீட்டார் அதை விடவும் மாட்டார்கள், அப்படியே போடவும் விடமாட்டார்கள். "மூக்குச் சிவப்பை மட்டும் கொஞ்சம் எடுத்துடுங்க" என்று ஒரு வேண்டுகோள் வந்து சேரும். வேலை தெரியாதவர் உடனே சிவப்பின் அடர்த்தியைக் குறைப்பார். சிவப்பு போய்விடும், அதோடு மூக்கின் உயிரும் போய்விடும். விபூதியை அப்பிக்கொண்ட மாதிரி ஒரு சாம்பல் மூக்கு, நல்ல முகத்தின் நடுவே உட்கார்ந்திருக்கும்.

ஏன் அப்படி ஆகிறது என்று புரிந்துகொள்ள ரத்தத்திலிருந்து தொடங்க வேண்டும். அழும்போது கண்ணீர்ச் சுரப்பியைத் தூண்டும் நரம்பே மூக்கின் உட்சவ்வையும் தூண்டுகிறது. அங்கே ரத்த நாளங்கள் விரிகின்றன. கண்ணீரில் ஒரு பங்கு மூக்குக்குள்தான் வடிகிறது. போதாக்குறைக்குக் கைக்குட்டையால் தேய்த்துத் துடைக்கிறோம். ஊட்டிக் குளிரில் விடிகாலை எடுத்த படத்திலும் இதே மூக்குதான், காரணம் மட்டும் வேறு. குளிர் பட்டதும் நாளங்கள் முதலில் சுருங்குகின்றன. சற்று நேரத்தில், அல்லது கதகதப்பான இடத்துக்குள் வந்ததும், விரிந்து ரத்தம் பாய்கிறது. வழி எதுவானாலும் தோலுக்கடியில் ரத்தம் கூடுகிறது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை அதிகமாக விழுங்கும். சிவப்பு ஒளியை ஏறக்குறைய அப்படியே திருப்பி அனுப்பும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். படத்தைப் போட்டோஷாப்பில் திறந்து, சேனல்களில் சிவப்பை மட்டும் தட்டுங்கள். அழுத அடையாளமே இல்லாத ஒரு கறுப்பு-வெள்ளை முகம் தெரியும். பச்சையைத் தட்டினால் மூக்கு நுனியும் கன்னமும் இமை ஓரமும் கறை பிடித்தாற்போல் இருண்டு கிடக்கும். ஆக, அந்த இடத்தில் சிவப்பு கூடிவிடவில்லை, பச்சைதான் குறைந்திருக்கிறது. குறைந்ததை ஈடுகட்டாமல் சிவப்பை வெட்டப் போவதுதான் சாம்பல் மூக்கில் முடிகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கோதுமை நிற முகம். காதோரக் கன்னத்தில் சிவப்பு 205, பச்சை 158, நீலம் 128 என்று வைத்துக்கொள்வோம். மூக்கு நுனியில் 200, 130, 115. சிவப்பில் வித்தியாசம் 5தான், பச்சையில் 28. நிறவட்டத்தில் கன்னம் சுமார் 23 பாகையில் இருக்கிறது, மூக்கு 11 பாகையில். மூக்கை 12 பாகை மஞ்சள் பக்கம் நகர்த்தினால் பச்சை 147 வரை ஏறிவிடும். மீதி இருப்பது லேசான இருட்டும் சற்றே கூடுதல் அடர்த்தியும்தான். முக்கால்வாசி வேலையைச் செய்வது நிறத் திருப்பம். அடர்த்தியைக் குறைப்பது கடைசியில் தொட்டுக்கொள்ள மட்டும்.

செய்முறையும் இதே வரிசையில்தான். முதலில் படம் முழுவதன் வெள்ளைச் சமநிலையைச் சரிசெய்துவிட வேண்டும். மண்டபத்து மஞ்சள் விளக்கில் எல்லா முகமுமே சிவந்துதான் இருக்கும். மாப்பிள்ளையின் வேட்டி வெள்ளையாகத் தெரிகிறதா என்று பார்த்தாலே பாதி தெளிந்துவிடும். பிறகு ஒரு Hue/Saturation அடுக்கு போட்டு, Master என்பதை Reds என்று மாற்றி, அங்கிருக்கும் சொட்டுக்கருவியால் மூக்கு நுனியைத் தொடுங்கள். இப்போது Hue பட்டையை வேண்டுமென்றே ஒரு கோடிக்கு இழுங்கள். பிடிபட்ட இடமெல்லாம் பச்சையாகவோ நீலமாகவோ மாறிக் கண்ணைக் குத்தும். பார்க்க விகாரமாக இருந்தாலும், எது மாட்டியிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட வேறு வழியில்லை. முகம் மொத்தமும் நிறம் மாறினால், கீழேயுள்ள வண்ணப் பட்டையின் குறிகளை நெருக்கிக்கொண்டே வாருங்கள். மூக்கும் கன்னத் திட்டும் மட்டும் மிஞ்சும்போது நிறுத்தி, Hue-ஐ 0-க்குக் கொண்டுவந்து, அங்கிருந்து 10 அல்லது 12 வரை மெல்ல ஏற்றுங்கள். Saturation-இல் 5 முதல் 10 வரை குறைத்தால் போதும். இருட்டைப் போக்க அதிலேயே உள்ள Lightness-ஐத் தொடாதீர்கள். பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிடும். தனியாக ஒரு Curves அடுக்கில் நடுப்பகுதியைச் சற்றே உயர்த்துவது நல்லது.

எவ்வளவு நெருக்கினாலும் உதடும் குங்குமமும் மருதாணியும் கூடவே மாட்டிக்கொள்ளும். ஆகவே அடுக்கின் மாஸ்க்கை Ctrl+I கொடுத்துக் கறுப்பாக்கிவிட்டு, ஓரம் மென்மையான தூரிகையில் Flow-ஐ 10 சதவீதம் வைத்து, வேண்டிய இடத்தில் மட்டும் வெள்ளை பூசிக்கொண்டு வர வேண்டும். கல்யாணப் படத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. தாடைக்கடியிலும் கழுத்திலும் தெரியும் சிவப்பு பெரும்பாலும் ரத்தமே இல்லை. அரக்குக் கூறைப்புடவையிலிருந்து எதிரொளித்த ஒளி. மூக்குக்குச் சரியாக இருந்த அளவு அங்கே பொருந்தாது. அதற்குத் தனி அடுக்கு போடுவதே நல்லது. மஞ்சள் பூசிக் குளித்த முகமென்றால், பொருத்திப் பார்க்க எடுக்கும் மாதிரி இடத்திலும் கவனம் வேண்டும். மஞ்சள் அதிகம் ஒட்டியிருக்கும் இடத்தை அளவுகோலாக வைத்தால் மூக்குக்குக் காமாலை வந்துவிடும்.

கறுத்த சருமத்தில் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். அங்கே அழுத மூக்கு இளஞ்சிவப்பாகத் தெரியாது. கருஞ்சிவப்பாகவோ, வெறுமனே கூடுதல் கறுப்பாகவோ தெரியும். திருப்ப வேண்டிய நிறம் குறைவு, ஏற்ற வேண்டிய வெளிச்சம் அதிகம். சிவந்த தோலுக்கென்று யாரோ சேமித்துவைத்த அளவுகளை அப்படியே போட்டால் மூக்கு மட்டும் ஆரஞ்சு அடிக்கும்.

வேலை சரியாக அமைந்ததா என்று தெரிந்துகொள்ள, எல்லாவற்றுக்கும் மேலே தற்காலிகமாக இன்னொரு Hue/Saturation அடுக்கு போட்டு, Saturation-ஐ 60 ஏற்றிப் பாருங்கள். விட்டுப்போன திட்டு செக்கச்செவேலென்று எழுந்து நிற்கும். அளவு மீறிய இடம் பசுமஞ்சளாகக் காட்டிக்கொடுக்கும். திருத்திவிட்டு அந்த அடுக்கை நீக்கிவிடலாம். பிறகு படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். பார்வை முதலில் மூக்குக்குப் போகாமல் கண்ணுக்குப் போனால் போதும்.

முழுக்கச் சரிசெய்வதா என்பது வேறு கேள்வி. என்னைக் கேட்டால் அழுகைப் படத்தில் கூடாது. கன்னத்தில் கண்ணீர் வழிய, மூக்கும் இமையும் காலையில் மேக்கப் முடித்த கையோடு இருந்ததுபோல் பளிச்சென்று இருந்தால், கிளிசரின் போட்டு அழுத சினிமாக் காட்சியாகிவிடும். நமக்கே தெரியாமல் மனம் அதை நம்ப மறுக்கும். அழாத முகத்திலும் நெற்றியைவிட மூக்கும் கன்னமும் சற்றுச் சிவந்துதான் இருக்கும். ஒரே நிறத்தில் இழுத்துவிட்டால் பொம்மை முகம். அதனால் அடுக்கின் Opacity-ஐ 60, 65 அளவில் நிறுத்திவிடுவேன். இமை விளிம்பைத் தொடவே மாட்டேன்.

ஆனால் அந்த அழுகைக்குக் கால்மணி நேரம் கழித்து, மாலை மாற்றும் சடங்கிலோ தோழிகளோடு சிரிக்கும் படத்திலோ அதே மூக்கு இன்னும் சிவந்திருக்கும். அங்கே அதற்கு எந்தக் காரணமும் தெரியாது; பார்ப்பவருக்குச் சளி பிடித்த பெண்ணாகத்தான் படும். அந்தப் படங்களில் 100 சதவீதம் எடுத்துவிடலாம். அழுகைப் படத்துக்குப் போட்ட அடுக்கையே இழுத்துவந்து, Opacity-ஐ 100-க்கு ஏற்றி, மாஸ்க்கைப் புதிதாகப் பூசினால் வேலை முடிந்தது.