ஐந்து வருடக் கட்டணம் முற்பணமாக: கழிவின் உண்மைப் பெறுமதி

தனியார் சர்வதேசப் பாடசாலைகள் சில, பல வருடங்களுக்குரிய கட்டணத்தை ஒரே தடவையில் செலுத்தும் பெற்றோருக்குக் கழிவு வழங்க முன்வருவதுண்டு. வருடக் கட்டணம் 3 இலட்சம் ரூபா என்றும், ஐந்து வருடங்களுக்குரிய 15 இலட்சத்தை இப்போதே செலுத்தினால் 15 சதவீதக் கழிவு என்றும் வைத்துக்கொள்வோம். 12 இலட்சத்து 75 ஆயிரம் ரூபாவுடன் காரியம் முடிகிறது. 2 இலட்சத்து 25 ஆயிரம் மிச்சம் என்று பெற்றோர் மகிழ்வது இயல்பே. ஆனால் அது முழுமையான கணக்கன்று.

முதலாம் வருடக் கட்டணமான 3 இலட்சத்தை எப்படியும் இன்றே செலுத்தியாக வேண்டும். எனவே பெற்றோர் உண்மையில் தீர்மானிப்பது மீதியைப் பற்றியே. இன்று மேலதிகமாக 9 இலட்சத்து 75 ஆயிரத்தைக் கொடுத்து, அடுத்த நான்கு வருடங்களில் ஆண்டுக்கு 3 இலட்சமாகக் கொடுக்கவேண்டிய 12 இலட்சத்திலிருந்து அவர்கள் விடுபடுகின்றனர். அந்தப் பணம் கையில் இருந்திருந்தால் என்ன ஈட்டியிருக்கும் என்பதே கேள்வி.

வங்கியின் நிலையான வைப்புக்கு 10 சதவீத வட்டி கிடைக்கிறது என்று கொள்வோம். 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 சதவீதம் நிறுத்திவைத்தல் வரியாகக் கழிக்கப்படுவதால், கைக்கு வருவது 9 சதவீதமே. இவ்வீதத்தில் அடுத்த வருடம் செலுத்தவேண்டிய 3 இலட்சத்துக்காக இன்று 2 இலட்சத்து 75 ஆயிரம் அளவில் ஒதுக்கினால் போதும். இதுவே அத்தொகையின் நிகழ்காலப் பெறுமதி. கடைசி வருடக் கட்டணத்துக்கு இன்று 2 இலட்சத்து 12 ஆயிரத்து 500 ரூபா அளவே தேவை. நான்கு வருடங்களையும் இவ்வாறு கணித்துக் கூட்டினால் வருவது ஏறக்குறைய 9 இலட்சத்து 72 ஆயிரம். பாடசாலை கேட்பதோ 9 இலட்சத்து 75 ஆயிரம். அதாவது, 15 சதவீதம் என்று பெரிதாகத் தெரிந்த கழிவு, வரி போக 9 சதவீதம் தரும் வைப்புக்கு மேல் எதனையும் தரவில்லை.

அவ்வீதம் 7 சதவீதமாயின் முற்பணம் செலுத்துவதால் 41 ஆயிரம் ரூபா அளவில் இலாபம். 12 சதவீதமாயின் 64 ஆயிரம் அளவில் நட்டம். வட்டியைத் தவிர்க்கும் வாசகர்கள் முழாரபா வைப்பிலோ சொந்த வியாபாரத்திலோ எதிர்பார்க்கும் இலாப வீதத்தை இவ்விடத்தில் இட்டுக்கொள்ளலாம். அது உறுதியளிக்கப்பட்டதல்ல என்பதால் சற்றுக் குறைத்து மதிப்பிடுவது நன்று. நகையை அடகு வைத்தோ கடன் பெற்றோ கட்டுவோருக்கு வைப்பு வட்டி பொருந்தாது. அவர்களுக்குரிய வீதம் கடனின் வீதமே. அது 16 சதவீதமாயின் இத்திட்டத்தால் நேரும் நட்டம் 1 இலட்சத்து 35 ஆயிரத்தைத் தாண்டும்.

இக்கணக்கைத் தலைகீழாக்கக்கூடிய விடயம் ஒன்றுண்டு. மேற்கூறியவை யாவும் கட்டணம் உயராது என்ற அனுமானத்தில் அமைந்தவை. வருடந்தோறும் கட்டணம் 8 சதவீதத்தால் உயருமாயின், வருடாந்தம் செலுத்துவதன் நிகழ்காலப் பெறுமதி, முதல் வருடத்தையும் சேர்த்து, 9 சதவீத வீதத்தில் 14 இலட்சத்து 73 ஆயிரம் ரூபாவாகிவிடும். முற்பணம் செலுத்தியவருக்கு அப்போது 1 இலட்சத்து 98 ஆயிரம் இலாபம். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதத்தை எட்டிய நாட்டில், கட்டண உயர்வு வெறும் கற்பனையன்று. ஆகவே பெற்றோர் கழிவின் அளவை விசாரிப்பதற்கு முன்னர், முற்பணம் கட்டணத்தை நிலைப்படுத்துகிறதா என்பதை எழுத்தில் கேட்கவேண்டும். "உயர்வு ஏற்படின் வித்தியாசத்தைச் செலுத்தவேண்டும்" என்றொரு வாசகம் ஒப்பந்தத்தில் இருந்தால் இந்த 1 இலட்சத்து 98 ஆயிரம் முழுவதும் கரைந்துவிடும்.

மீளளிப்பு நிபந்தனையும் அதே கவனத்துக்குரியது. குடும்பம் வெளிநாடு செல்வதாலோ வேறு காரணத்தாலோ பிள்ளை இரண்டு வருடங்களின் பின் விலகுகிறது என்போம். பயின்ற வருடங்களுக்குக் கழிவற்ற கட்டணம் அறவிடப்படும் என்ற நிபந்தனை இருப்பின், திரும்பக் கிடைப்பது 6 இலட்சத்து 75 ஆயிரம் மட்டுமே. கட்டணம் உயராத நிலையில் அதே பணத்தை 9 சதவீதத்தில் வைத்து வருடாந்தம் செலுத்தியவரின் கையில் அன்று 8 இலட்சத்து 31 ஆயிரம் இருக்கும். மீளளிப்பே இல்லையெனில் நட்டம் எத்தகையது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இப்பாடசாலைகளிற் பல கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவானவை. நிறுவனம் நொடித்துப் போனால், முற்பணம் செலுத்திய பெற்றோர் பிணையற்ற கடன்கொடுநர் வரிசையிலேயே நிற்பர். சொத்துக்களை ஈடாகப் பெற்றுக் கடன் வழங்கிய வங்கி அவர்களுக்கு முன்னால் நிற்கும். இதனாலேயே, கட்டணம் நிலைப்படுத்தப்படாத எந்தத் திட்டத்திலும், வைப்பு வீதத்தைவிட ஓரிரு சதவீதம் மட்டும் மேலதிகமாகத் தரும் கழிவை நாம் போதுமானதாகக் கருதவில்லை. ஐந்து வருடங்களுக்குப் பதிலாக இரண்டு வருடக் கட்டணத்தை மாத்திரம் முற்கூட்டிச் செலுத்த இடமிருந்தால், கழிவு சற்றுக் குறைந்தாலும் பணம் ஆபத்தில் இருக்கும் காலமும் குறையும்.