வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் இருப்பது ஏஎன்-32 விமானமா? நாலே அடையாளங்களில் கண்டுபிடிக்கலாம்!

2016 ஜூலை 22. சென்னை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32 விமானம், வங்கக்கடல் மீது பறந்தபோது காணாமல் போனது. அதில் 29 பேர் இருந்தார்கள். ஏழு வருஷத்துக்கும் மேலாக ஒரு தடயமும் கிடைக்கவில்லை. 2024 ஜனவரியில்தான், கடலுக்கடியில் எடுத்த படங்களில் சிதைவுகள் தெரிவதாகப் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது.

இப்படி ஒரு செய்தி வந்தால், 'இதுதான் அந்த விமானம்' என்று நம் போனுக்கும் ஒரு படம் வரும். அது சரியான படம்தானா? ஃபார்வர்டு பண்ணும் முன் நான்கு விஷயங்களை வரிசையாகப் பாருங்க.

1. இறக்கை மேலேயா, கீழேயா?

நாம் வழக்கமாக ஏறும் ஏர்பஸ் ஏ320, போயிங் 737 இரண்டுக்கும் இறக்கை உடலின் அடிப்பகுதியில், ஜன்னல் வரிசைக்குக் கீழே இருக்கும். ஏஎன்-32க்கு இறக்கை உடலின் உச்சியில், ஜன்னல்களுக்கு மேலே இருக்கும். சரக்கு ஏற்ற வசதியாக உடலைத் தரைக்கு அருகில் வைக்கவும், அதேசமயம் புரொப்பல்லர் தரையில் இடிக்காமல் இருக்கவும் இந்த அமைப்பு உதவுகிறது.

கீழிருந்து எடுத்த படமா? வயிற்றுப் பகுதியைப் பாருங்க. அது தடையில்லாமல் நீளமாகப் போய், இறக்கை அதன் பின்னால் மறைந்தால், மேல் இறக்கை. இறக்கையே வயிற்றைக் குறுக்கே கடந்தால், கீழ் இறக்கை.

2. இன்ஜின் எத்தனை, எங்கே?

மேல் இறக்கை என்பது மட்டும் போதாது. விமானப்படையின் சி-130ஜே விமானத்துக்கும் மேல் இறக்கைதான். ஆனால் அதில் நான்கு புரொப்பல்லர் இன்ஜின்கள். ஏஎன்-32ல் இரண்டுதான்.

சென்னையிலிருந்து தூத்துக்குடி, சேலம் போன்ற ஊர்களுக்குப் பறக்கும் ஏடிஆர்-72 விமானத்திலும் இரண்டு புரொப்பல்லர்தான், இறக்கையும் மேலேதான். குழப்பம் வருவது இங்கேதான்.

இன்ஜின் இருக்கும் இடத்தை ஸூம் பண்ணிப் பாருங்க. ஏஎன்-32ல் பெரிய இன்ஜின் கூடு இறக்கைக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். ஏடிஆரில் இன்ஜின் இறக்கையை ஒட்டி, முன்னும் கீழுமாக இருக்கும். புரொப்பல்லர் இலைகளை எண்ணி முடிவு பண்ண வேண்டாம். சுழலும் இலைகளை போன் கேமரா வளைத்தும் உடைத்தும் காட்டும்.

3. வால் எப்படி?

ஏடிஆரையும் ஏஎன்-32ஐயும் பிரிக்கச் சுலபமான வழி இதுதான். ஏடிஆரில் செங்குத்து வாலின் உச்சியில் கிடைமட்ட வால் உட்கார்ந்திருக்கும். பார்க்க ஆங்கில எழுத்து 'டி' மாதிரி. ஏஎன்-32ல் கிடைமட்ட வால் கீழே, உடலோடு சேர்ந்திருக்கும்.

4. உடல் எவ்வளவு நீளம்?

படத்தில் மீட்டர் தெரியாது. அதனால் நீளத்தை இறக்கையின் அகலத்தோடு ஒப்பிட வேண்டும். ஏடிஆர்-72ன் உடல் நீளமும் இறக்கை அகலமும் ஏறக்குறைய ஒன்றே, இரண்டும் சுமார் 27 மீட்டர். ஏஎன்-32ன் உடல் சுமார் 24 மீட்டர்தான், இறக்கையோ சுமார் 29 மீட்டர். அதாவது குட்டை உடம்பு, நீண்ட கை.

ஆனால் நேர் கீழிருந்து எடுத்த படத்தில்தான் இந்தக் கணக்கு சரியாக வரும். முன்னாலிருந்து எடுத்த படத்தில் உடல் சுருங்கித் தெரியும். பக்கவாட்டுப் படத்தில் இறக்கை சுருங்கித் தெரியும். அப்போது முதல் மூன்று அடையாளங்களை மட்டும் நம்புங்க.

ஒரு படத்தைச் சோதிப்போமா?

'காணாமல் போன ஏஎன்-32' என்று ஒரு படம் வருகிறது. இறக்கை மேலே, சரி. இரண்டு புரொப்பல்லர், அதுவும் சரி. ஆனால் இன்ஜின் இறக்கைக்கு மேலே துருத்தவில்லை; கிடைமட்ட வாலும் உச்சியில் இருக்கிறது. அப்போ அது ஏஎன்-32 இல்லை. பெரும்பாலும் ஏடிஆராக இருக்கலாம். இரண்டு பொருந்தி இரண்டு பொருந்தாவிட்டால், பொருந்தாத இரண்டைத்தான் கணக்கில் எடுக்கணும்.

நான்கும் பொருந்தினாலும் தெரிய வருவது விமானத்தின் வகை மட்டுமே. 'அதே' விமானம்தானா என்பதற்கு அதன் பதிவு எண்ணும், படம் எடுத்த இடமும் நாளும் வேண்டும்.

2024ல் அதிகாரிகள் சொன்ன காரணமும் இதே வரிசையில்தான் இருந்தது. சென்னைக் கடற்கரையிலிருந்து 140 கடல் மைல் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் எடுத்த படங்கள் ஏஎன்-32 வகையோடு ஒத்துப்போயின. அந்தப் பகுதியில் வேறு விமானம் காணாமல் போனதாகப் பதிவும் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்த பிறகுதான், அது தாம்பரத்திலிருந்து கிளம்பிய விமானத்தின் சிதைவாக இருக்கலாம் என்றார்கள்.