நடப்பவரை வெட்டியெடுக்கும் கலை

ஒரு பெண் தெருவில் இடமிருந்து வலமாக நடந்து போகிறாள். படமெடுத்தபோது அவளுக்குப் பின்னால் இருந்தது வெறும் சுவர். திரையில் அங்கே தீ எரிய வேண்டும். பின்னால் பச்சைத் துணி கட்டியிருந்தால் நிறத்தை வைத்தே கணினி அவளைப் பிரித்துவிடும். கட்டாத காட்சியில் அவளுடைய உருவத்தைக் கையால்தான் வரைந்தெடுக்க வேண்டும். அந்த வேலைக்கு ரோட்டோ என்று பெயர். படச்சுருளைக் கண்ணாடியில் விழவைத்து, அதன்மேல் கார்ட்டூன் வரைவதற்காக மேக்ஸ் ஃப்ளைஷர் 1917-இல் காப்புரிமை பெற்ற ரோட்டோஸ்கோப் கருவியிலிருந்து வந்த பெயர் அது. இன்று ஹாலிவுட் படங்களுக்கான ரோட்டோ வேலை சென்னை ஸ்டூடியோக்களிலும் நடக்கிறது.

நம் காட்சி ஐந்து விநாடி. விநாடிக்கு 24 ஃப்ரேம் என்றால் மொத்தம் 120. புதிதாக வருபவர் உடல் முழுவதையும் சுற்றி ஒரே கோடு போட்டு, 120 ஃப்ரேமிலும் அதைத் திருத்துவார். நேரம் போவது ஒருபுறம் இருக்கட்டும், ஓடவிட்டால் விளிம்பு கொதிப்பதுபோல் நடுங்கும். நிறுத்திப் பார்க்கும்போது ஒவ்வொரு ஃப்ரேமும் சரியாகவே தெரியும், அதுதான் சிக்கல். பக்கத்துப் பக்கத்து ஃப்ரேம்களில் கோடு இம்மியளவு விலகினாலும் கண் அதைப் பிடித்துவிடும்.

அனுபவசாலி முதலில் உடலைப் பிரிப்பார். தலை, மார்பு, மேல்கை, முன்கை, தொடை, கெண்டைக்கால், பாதம் எல்லாம் தனித்தனி வடிவங்கள். மூட்டுகளில் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். கை வீசும்போது இடுப்புக்கும் கைக்கும் நடுவே திறந்து மூடும் இடைவெளி, தனியாக வரையாமலே கிடைத்துவிடும்.

அடுத்து, எந்த ஃப்ரேம்களில் வரைவது? பாதம் தரையைத் தொடும் இடம், கால்கள் ஒன்றையொன்று கடக்கும் இடம் என அசைவு திசை மாறும் ஃப்ரேம்களில் மட்டும் கோட்டைப் பொருத்துவார். அரை விநாடிக்கு ஓர் அடி என்றால் முதலில் 1, 13, 25 என்று போகும். பிறகு நடுவில் 7, 19. மிச்சத்தை மென்பொருள் நிரப்பும். விலகிய இடத்தில் மட்டும் மறுபடி கைவைக்க வேண்டும். முழங்கையில் வைத்த புள்ளி கடைசிவரை முழங்கையிலேயே இருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. அது வழுக்கினால் இடைப்பட்ட ஃப்ரேம்களில் கோடு நெளியும்.

வேகமாக வீசும் கை படத்தில் மங்கலாக இழுபட்டிருக்கும். அந்த மங்கலின் வெளியோரத்தில் வரைந்தால் பழைய சுவரும் ஒட்டிக்கொண்டு வரும். மங்கலின் நடுவில் வரைந்து, வடிவத்துக்கும் அதே அளவு அசைவு மங்கலைக் கொடுத்தால் ஓரத்தில் தீ லேசாகத் தெரியும். கண் அதை நம்பும்.

முடியில்தான் இந்த முறை தடுமாறுகிறது. தலையின் கெட்டியான பகுதியை வடிவமாக வரைந்து, வெளியே பறக்கும் சில இழைகளை மட்டும் மெல்லிய கோடுகளாகப் போடுவார்கள். மற்றவற்றை விட்டுவிட்டு, பின்னணிக்கேற்ற இழைகளைப் புதிதாக வரைந்து சேர்ப்பதும் உண்டு. முடிந்த வேலையைத் தீயின்மேல் வைத்துச் சோதிக்கக் கூடாது, அதன் அசைவில் தவறு ஒளிந்துகொள்ளும். அசையாத அடர் சிவப்பின்மேல் வைத்து ஓடவிட்டால், நடுங்கும் ஓரமும் ஒட்டிய சுவரும் உடனே தெரிந்துவிடும்.