மழைப் பதிவேட்டை வாசிப்பது எப்படி? அடியில் இருக்கும் மொத்தம்தான் சாவி!

செய்யாறு, ஆரணி, வந்தவாசி பக்கம் மானாவாரியில் மல்லாட்டை போடும் குடும்பங்களில், ஆடிப் பட்டம் நெருங்கினாலே ஒரு பேச்சு எழும். "முன்னெல்லாம் விதைப்பு மழை நேரத்துக்குக் கிடைச்சுடும். இப்பதான் தள்ளிப் போகுது" என்பார்கள். அது நிஜமா, நினைவின் மயக்கமா என்று தெரிந்துகொள்ள, அந்தந்த நாளில் கையால் எழுதி வைத்த மழைப் பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும். தாலுகா அலுவலக மழைமானியில் தினமும் அளந்து எழுதும் ஏடு அது. நகல் வேண்டுவோர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்துக் கேட்கலாம்.

நகல் கைக்கு வந்த பிறகுதான் வேலையே ஆரம்பம். எழுதியிருப்பதை அப்படியே கூட்டினால், பல மாதங்களின் கணக்கு தவறாகத்தான் வரும்.

தேதி எந்த நாளுக்கு உரியது?

மழைமானியைக் காலை 8.30 மணிக்கு அளப்பார்கள். முந்தைய நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரை பெய்தது முழுவதும், அளந்த நாளின் தேதியில்தான் பதிவாகும். அதாவது, 9-ம் தேதி சாயங்காலம் பெய்த மழை பதிவேட்டில் 10-ம் தேதிக்கு நேராக இருக்கும். விவசாயி தன் நாட்குறிப்பில் 9 என்று எழுதியிருப்பார். இரண்டையும் ஒப்பிடும்போது ஒரு நாள் நகர்த்திப் பார்க்க வேண்டும்.

மாதக் கடைசியில் இது பெரிய வித்தியாசத்தைக் கொண்டுவரும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் டிசம்பர் 1 காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்தில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பதிவானது. அதில் ஒரு பகுதி நவம்பர் 30-ல் பெய்தது. ஆனால், பதிவு முழுவதும் டிசம்பர் கணக்கில் சேர்ந்துவிட்டது. "நவம்பர் கடைசியில் அவ்வளவு கொட்டியதே, மொத்தம் ஏன் குறைவு?" என்று யாரும் குழம்ப வேண்டாம். பதிவேட்டின் தேதியை மாற்றவும் வேண்டாம். எல்லா ஊர்க் கணக்கும் இதே முறையில்தான் இருக்கிறது.

வெற்றுக் கட்டம் பூஜ்ஜியம் அல்ல

அளந்து பார்த்து மழை இல்லை என்றால் '0' அல்லது ஒரு கோடு இருக்கும். நனைந்திருந்தும் அளக்கும் அளவுக்கு நீர் இல்லை, அதாவது 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவு என்றால் 'டி' என்ற ஆங்கில எழுத்தையோ 'தூறல்' என்றோ எழுதியிருப்பார்கள். கூட்டலில் அதற்கு மதிப்பு இல்லை. ஆனால், எதுவுமே எழுதாத கட்டம் என்பது வேறு. மழை இல்லாமலும் இருக்கலாம், யாரும் அளக்காமலும் இருக்கலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? அதே பக்கத்தின் மற்ற நாள்களைப் பாருங்கள். மழை இல்லாத நாளுக்கெல்லாம் கோடு போடும் கை, இரண்டு நாள் மட்டும் வெறுமையாக விட்டிருந்தால், அது விடுபட்ட அளவு. அடுத்த நாளில் பெரிய எண் இருந்தால், மூன்று நாள் நீரையும் சேர்த்து அளந்திருக்க வாய்ப்பு உண்டு. அந்த எண்ணை மாத மொத்தத்தில் சேர்க்கலாம். ஆனால், 'ஒரே நாளில் பெய்த அதிகபட்ச மழை' என்று அதைக் காட்டக் கூடாது.

அங்குலமா, மில்லிமீட்டரா?

நாட்டில் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது 1956-ல். அதற்கு முந்தைய ஏடுகளில் மழை அங்குலத்திலும், அங்குலத்தை நூறாகப் பிரித்த சென்ட்டிலும் இருக்கும். 1.37 என்றால் ஓர் அங்குலம் 37 சென்ட். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர் என்பதால், அது 34.8 மில்லிமீட்டர்.

இதில் ஏமாற்றுவது புள்ளி இல்லாமல் எழுதிய '35' போன்ற எண். அங்குலப் பக்கத்தில் அது 35 சென்ட், அதாவது 8.9 மில்லிமீட்டர்தான். பக்கத்தில் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்கள் வந்து, மழை மாதத்தின் மொத்தமும் 6, 7 என்று சிறிய எண்ணாக இருந்தால், அது அங்குலக் கணக்கு. முதலில் அங்குலத்திலேயே கூட்டி, அடியில் உள்ள மொத்தத்தோடு சரிபார்த்த பிறகு மில்லிமீட்டருக்கு மாற்றுவதே நல்லது. ஒவ்வொரு நாளையும் மாற்றிவிட்டுக் கூட்டினால், தசமங்கள் சேர்ந்து சிறு வித்தியாசம் வரும். அது பிழையா, மாற்றியதால் வந்ததா என்று தெரியாமல் போகும்.

ஒரு மாதத்தை வாசித்துப் பார்ப்போம்

எடுத்துக்காட்டுக்கு ஒரு ஐப்பசிப் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். 3-ம் தேதி 12.4, 4-ம் தேதி 8.0, 9-ம் தேதி 36.2, 10-ம் தேதி 2.0, 15-ம் தேதி தூறல், 17-ம் தேதி 54.6, 22, 23 வெறுமை, 24-ம் தேதி 41.0, 28-ம் தேதி 5.8. மற்ற நாள்களுக்குக் கோடு. அடியில் மொத்தம் 160.0 என்று இருக்கிறது.

பெயர்த்து எழுதியவர் கூட்டியபோது 271.6 வந்தது. வித்தியாசம் 111.6. இதை 9-ஆல் வகுத்தால் 12.4. பக்கத்தில் அதே எண் 3-ம் தேதியில் இருக்கிறது! மங்கிய புள்ளியைக் கவனிக்காமல் 12.4-ஐ 124 என்று படித்துவிட்டார். புள்ளி ஓர் இடம் தள்ளினால் வித்தியாசம் சரியான எண்ணைப்போல ஒன்பது மடங்காக இருக்கும் என்பதே இதன் ரகசியம்.

வித்தியாசம் 27.0 என்று வந்திருந்தால், 36.2-ஐ 63.2 என்று இலக்கம் மாற்றி எழுதியிருக்கலாம். அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறினால், வித்தியாசம் புள்ளியை நீக்கிப் பார்க்கும்போது 9-ஆல் மீதியின்றி வகுபடும். வித்தியாசம் சரியாக 6 என்றால், 1-ஐ 7 என்று படித்தோமா என்று தேட வேண்டும், 41.0 இங்கே 47.0 ஆகியிருக்கும்.

திருத்திய பிறகு மொத்தம் 160.0 மில்லிமீட்டர், சரி. மழை நாள்கள் எத்தனை? 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்தால்தான் அது மழை நாள். எனவே 10-ம் தேதி சேராது. 24-ம் தேதி எண் மூன்று நாளுக்கு உரியது என்பதால், 'குறைந்தது 6 நாள்' என்று எழுதுவதே நேர்மை.

மொத்தமே தவறாக இருந்தால்?

எழுதியவரும் கூட்டலில் தவறியிருக்கலாம். சில ஏடுகளில் ஜனவரி முதல் அன்றுவரை பெய்த மொத்தத்துக்குத் தனிப் பத்தி உண்டு. அதில் ஒரு நாளிலிருந்து முந்தைய நாளைக் கழித்தால், அன்றைய மழை தனியாகக் கிடைக்கும். அதுவும் இல்லையென்றால், இன்னொருவரை அதே பக்கத்தைப் பார்க்காமல் கேட்காமல் தனியாகப் படித்து எழுதச் சொல்லலாம். 2020-ல் பிரிட்டனில் ரெடிங் பல்கலைக்கழகத்தின் எட் ஹாக்கின்ஸ் முன்னெடுத்த பணியில், சுமார் 16,000 தன்னார்வலர்கள் 65,000-க்கும் அதிகமான பழைய மழைத் தாள்களைப் பெயர்த்தார்கள். அங்கும் ஒரே தாளைப் பலர் படித்தார்கள். தாளில் இருந்த மொத்தத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

எதிலும் தீராத எண்ணை ஊகித்து நிரப்பாமல், பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வையுங்கள். விதைப்பு மழை தள்ளிப்போகிறதா என்று பார்க்கும்போது, கேள்விக்குறி உள்ள ஜூன், ஜூலை மாதங்களை ஒதுக்கிவிட்டு மற்ற ஆண்டுகளை மட்டும் வரிசைப்படுத்துங்கள். ஒவ்வோர் ஆண்டும் 25 மில்லிமீட்டரைத் தாண்டிய முதல் நாள் எது என்று பார்த்தாலே, வீட்டுத் திண்ணைப் பேச்சுக்குப் பதில் கிடைத்துவிடும்.