சுத்தம் செய்த தோரியத்தின் கதிரியக்கம் குறைந்துவிட்டு ஏன் மறுபடி ஏறுகிறது?

மணவாளக்குறிச்சி மணலிலும், மலேசிய வெள்ளீயச் சுரங்கங்களின் கழிவான ஆமாங்கிலும் மோனசைட் உண்டு. அதிலிருந்து எடுத்த தோரியம்தான் பழைய பெட்ரோமாக்ஸ் மேண்டிலில் இருந்தது. யாரிடமாவது அப்படியொரு மேண்டில் இருந்தால், அதன் வயதைக் கதிரியக்கமே சொல்லும்.

ஏன்? தோரியம்-232 சிதைந்து ரேடியம்-228 ஆகிறது (அரை ஆயுள் 5.75 ஆண்டு). அது, சில மணி நேரமே வாழும் ஆக்டினியம் வழியாக, தோரியம்-228 ஆகிறது (1.91 ஆண்டு). சுத்திகரிப்பில் ரேடியம் வெளியேறிவிடும். தோரியம்-228 அதே தனிமம் என்பதால் தங்கிவிடும். வரவு நின்றதால் அது தேய்கிறது. ரேடியம் புதிதாகச் சேரச் சேர, மீண்டும் ஏறுகிறது.

எப்படிக் கணக்கிடுவது? தாய்த் தோரியத்தின் கதிரியக்கத்தை 1 என்று வைப்போம். அதன் ஆயுள் மிக நீளம், அது மாறாது. A₂ ரேடியம்-228-இன் கதிரியக்கம், A₃ தோரியம்-228-இன் கதிரியக்கம்; λ₂, λ₃ அவற்றின் சிதைவு மாறிலிகள்.

dA₂/dt = λ₂(1 − A₂)
dA₃/dt = λ₃(A₂ − A₃)

தொடக்கத்தில் A₂ = 0, A₃ = 1. தீர்வு:

A₂ = 1 − e^(−λ₂t)
A₃ = 1 − 1.5(e^(−λ₂t) − e^(−λ₃t))

A₂ = A₃ ஆகும் கணத்தில் வரவும் செலவும் சமம். சுமார் 4.5 ஆண்டில் A₃ 0.42 என்ற அடிமட்டத்தைத் தொடுகிறது; 20 ஆண்டில் 0.87 ஆகிறது.

இதில் ஒரு சிக்கல்: A₃ 0.59 என்றால் வயது 1.7 ஆண்டா, 10 ஆண்டா? A₂-வையும் அளந்தால் தெரியும். முதலாவதில் அது 0.19, இரண்டாவதில் 0.70. சுத்திகரிப்பில் ரேடியம் கொஞ்சம் மிஞ்சியிருந்தால், A₂ காட்டும் வயது கூடுதலாகத் தெரியும்.